மொழி கடந்த ஓர் அலட்சியப் பதில்: ‘அதனால் என்ன?’ என்பதன் எடை

2020 ஏப்ரல் 28 அன்று, பிரேசிலின் தலைநகரான பிரசீலியாவில், அதிபரின் உறைவிடமாகிய அல்வொராடா மாளிகையின் வாயிலில் செய்தியாளர்கள் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். கோவிட் நோயால் பிரேசிலில் இறந்தோரின் எண்ணிக்கை, சீனா அதுவரை அறிவித்திருந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது என்று அதிபர் ஜயீர் பொல்சொனாரோவிடம் சுட்டிக்காட்டப்பட்டது. அன்றைய அரசுக் கணக்கின்படி இறந்தோர் 5,017 பேர். அவற்றுள் 474 இறப்புகள் முந்தைய 24 மணி நேரத்தில் பதிவானவை. அதிபர் சொன்ன பதில் சில நொடிகளில் முடிந்துவிட்டது. முதலில், போர்த்துக்கீசிய மொழியில், ‘இ தாயீ?’ என்றார். அடுத்து ‘லமெந்து’ என்று ஒரே சொல்லில் வருத்தம் தெரிவித்தார். பிறகு, தான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கடைசியாக, தன் பெயரில் மெசியா இருந்தாலும் தான் அற்புதம் செய்பவனல்ல என்றார். அவருடைய முழுப் பெயர் ஜயீர் மெஸ்ஸியாஸ் பொல்சொனாரோ; மெஸ்ஸியாஸ் என்பது மீட்பரைக் குறிக்கும் மெசியாவின் போர்த்துக்கீசிய வடிவம்; அந்தச் சிலேடை அவருடைய ஆதரவாளர்களுக்குப் பழக்கமானது.

ஒரே நாளில் அந்த முதல் இரண்டு சொற்கள் உலகம் முழுவதும் பரவின. ஆங்கிலத்தில் அவை ‘சோ வாட்?’ ஆயின. தமிழில் எடுத்து எழுதுவோருக்கு முதலில் கைக்கு வரும் சொல் ‘அதனால் என்ன?’ என்பது. மூன்று மொழிகளிலும் அகராதிப் பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கேட்டவருக்கு எவ்வளவு உறைத்தது என்பது மூன்றிலும் ஒன்றல்ல. அலட்சியப் பதில்கள் மொழி மாறும்போது அவற்றின் கடுமை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது, அதை எப்படி அறிவது என்று இந்த ஒரு நிகழ்வைக் கொண்டே பார்க்க முடியும். அரசியல்வாதி ஒருவரின் வாய்ச்சொல் என்பதால் மட்டும் இதை எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்பட்ட இடம், அதற்கு முன் வந்த பேச்சு, பின் வந்த பேச்சு ஆகிய அனைத்தும் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால், இத்தகைய பதிலின் எடையை நிறுத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மூலமொழியில் அந்தப் பதில்

‘இ தாயீ’ என்பதைப் பிரித்தால், ‘மற்றும்’ என்பதைப்போல இணைக்கும் ஓர் இடைச்சொல்லும் ‘அங்கிருந்து’ என்னும் சொல்லும் கிடைக்கும். பிரேசில் மக்களின் அன்றாடப் பேச்சில் இது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, கேட்பவர் ஆவலோடு ‘இ தாயீ?’ என்றால் அது நம்முடைய ‘அப்புறம்?’ என்பதற்கு ஒப்பானது. அதில் யாருக்கும் மனக்குறை வர வாய்ப்பில்லை. அதே சொற்களை, ஒருவர் முக்கியமானதென்று நினைத்துச் சொன்ன செய்திக்கு மறுமொழியாகச் சொன்னால், ‘இதை ஏன் என்னிடம் சொல்கிறாய்?’ என்று அந்தச் செய்தியின் தகுதியையே மறுப்பதாகிவிடும். எந்தப் பொருள் என்பதைக் குரலின் போக்கும், எதற்கு மறுமொழியாக வந்தது என்பதும்தான் தீர்மானிக்கின்றன.

அல்வொராடா வாயிலில் எது பொருள் என்பதில் பிரேசில் மக்களுக்குக் குழப்பம் எழவில்லை. அதற்குக் காரணம் அந்தச் சொற்கள் மட்டுமல்ல. மார்ச் 24 அன்று தொலைக்காட்சி உரையில் அவர் இந்த நோயைப் பற்றிப் பேசும்போது ‘சின்னக் காய்ச்சல்’ என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். ஏப்ரல் 16 அன்று, மக்கள் விலகியிருக்க வேண்டும் என்று வலியுறுத்திவந்த சுகாதார அமைச்சர் லூயிஸ் என்ரீக்கி மண்டெட்டாவைப் பதவியிலிருந்து நீக்கினார். ஏப்ரல் 20 அன்று இறப்பு எண்ணிக்கை பற்றிக் கேட்டபோது, தான் பிணக்குழி தோண்டுபவனல்ல என்று சொல்லியிருந்தார். (இந்தக் கடைசிச் சொல்லைத் தமிழில் ‘வெட்டியான்’ என்று எழுதும் ஆசை எழக்கூடும். அப்படி எழுதினால், மூலத்தில் இல்லாத சாதி இழிவு ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தம் கையால் சேர்த்தவராவார். எனவே அதைத் தவிர்ப்பதே முறை.) இந்த வரிசையைக் கேட்டுவந்தவர்களுக்கு ஏப்ரல் 28இன் பதில் தனியாக வந்து விழவில்லை. முந்தைய பதில்களின் சுமையோடு விழுந்தது. அயல்மொழி வாசகருக்கோ அந்த வரிசை தெரியாது. அவர் முன் இருப்பவை இரண்டே சொற்கள்.

ஆங்கிலத்திற்குச் சென்றபோது

ஆங்கிலத்தின் ‘சோ வாட்?’ பெரும்பாலும் மூலத்தோடு ஒத்துப்போகிறது. அதுவும் செய்தியின் தகுதியை மறுக்கும் பதில். இரண்டு சொற்களாலான சிறிய வினா. தனித்து நின்றால் சண்டைக்கு அழைப்பதைப்போல ஒலிக்கக்கூடியது. ஆகவே சொல்லைத் தேர்ந்ததில் குறையில்லை. மாறுதல் நிகழ்ந்தது மேற்கோளை வெட்டிய இடத்தில்.

‘லான்செட்’ மருத்துவ இதழ் 2020 மே 9 அன்று பிரேசிலின் நிலை பற்றி எழுதிய தலையங்கத்திற்கு, அந்த ‘சோ வாட்?’ என்பதையே மேற்கோள் குறிகளுக்குள் தலைப்பில் வைத்தது. உள்ளே அதிபரின் பதிலை எடுத்துக்காட்டும்போது, ‘அதனால் என்ன? என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?’ என்ற பொருளில் இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து நிறுத்தியது. இடையில் இருந்த ‘வருந்துகிறேன்’ விடுபட்டுப்போனது. தலையங்கம் அரசின் நோய்த்தடுப்பு முறைகளைக் கண்டித்ததில் எனக்கு மாறுபாடில்லை. அந்தக் கண்டனத்திற்கு வேண்டிய சான்றுகள் அதற்கு வெளியே ஏராளமாக இருந்தன. ஆனால் மேற்கோள் என்ற அளவில் பார்த்தால், நடுவிலிருந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டபோது இரண்டு கூர்முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. மூலத்தில் அலட்சியம், ஒட்டுப்போட்டதுபோல ஒரு வருத்தம், மீண்டும் எதிர்க்கேள்வி என்று பதில் ஏறி இறங்கிச் செல்கிறது. வெட்டிய வடிவத்திலோ முழுவதும் அலட்சியம்.

அந்த ‘வருந்துகிறேன்’ வெறும் ஒப்புக்குச் சொன்னது என்று ஒருவர் வாதிடலாம். வாதிட இடமும் உண்டு, ஏனெனில் அது எந்த வரிசையில் வந்தது என்பது முக்கியமானது. ‘வருந்துகிறேன்; என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அது இயலாமையின் பேச்சாகக் கேட்டிருக்கும். ‘அதனால் என்ன?’ என்பது முதலில் வந்துவிட்டதால், பின்னால் வரும் வருத்தம் அதைத் துடைக்க முயல்கிறதே தவிர முழுவதும் துடைத்துவிடவில்லை. இந்த வரிசையை அப்படியே கொடுத்தாலே வாசகருக்குத் தேவையான கடுமை போய்ச்சேரும். அதைக் கூட்டிக்கொடுக்க வேண்டிய தேவை இங்கு இருக்கவில்லை. அதே சந்திப்பில் பின்னர் அவர், உறவினரை இழந்த குடும்பங்களின் துயரில் பங்குகொள்வதாகவும், ஆனால் வாழ்க்கை அப்படித்தான் என்றும், நாளை தன் முறை என்றும் சொன்னார். இதையும் சேர்த்துப் படிப்பவர் அவரை மன்னித்துவிடப்போவதில்லை. எதை மன்னிக்கவில்லை என்பதைத்தான் இன்னும் சரியாக அறிவார்.

தமிழில் ‘அதனால் என்ன?’

தமிழுக்கு வரும்போது சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கடுமை கூடியது என்றால், தமிழில் கவனமின்றி எழுதினால் அது குறைந்துபோகும்.

‘அதனால் என்ன?’ என்பதை நாம் எங்கெல்லாம் கேட்கிறோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ‘வரத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்’ என்று விருந்தாளி சொன்னால், ‘அதனால் என்ன, பரவாயில்லை, உட்காருங்கள்’ என்கிறோம். ‘உங்கள் பேனாவைச் சற்றுத் தர முடியுமா?’ என்று ஒருவர் கேட்டால், ‘அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்கோங்க’ என்கிறோம். யாழ்ப்பாணத்திலும் ஓர் உதவி கேட்டால், ‘ஓம், அதுக்கென்ன’ என்று சொல்லி உடனே எழுந்து வருவார்கள். இந்த இடங்களில் அது அலட்சியத்தின் சொல்லே அல்ல. மற்றவரின் கூச்சத்தைப் போக்கும் பெருந்தன்மையின் சொல். ஆனால் ‘பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்’ என்று ஒருவர் சொல்ல, ‘அதுக்கென்ன இப்போ?’ என்று மறுமொழி வந்தால், அந்த வீட்டோடு உறவே முறிந்துபோகலாம்.

சொல் ஒன்றாயிருக்க, ஓரிடத்தில் அது கனிவாகவும் இன்னோரிடத்தில் இழிவாகவும் ஆவதற்குக் காரணத்தை, யாருடைய இழப்பை யார் சிறிதாக்குகிறார் என்பதில் காணலாம் என்பது என் கருத்து. மன்னிப்புக் கேட்பவரிடம் ‘அதனால் என்ன?’ என்று சொல்பவர், தமக்கு நேர்ந்த இடைஞ்சலைத் தாமே சிறிதாக்கிக்கொள்கிறார், அது கொடை. உதவி கேட்பவரிடம் சொல்பவர், தாம் செய்யப்போகும் வேலையைச் சிறிதாக்கிக்கொள்கிறார், அதுவும் கொடை. துயரத்தையோ குறையையோ தெரிவிப்பவரிடம் சொல்பவர் அடுத்தவரின் இழப்பைச் சிறிதாக்குகிறார். அதற்கு அவருக்கு உரிமையில்லை. அந்த உரிமையற்ற செயலையே நாம் திமிர் என்று உணர்கிறோம். ஆங்கிலத்திலும் போர்த்துக்கீசியத்திலும் இதே விதி பொருந்தும். தேர்வில் தோற்ற நண்பனை, ‘தோற்றால்தான் என்ன?’ என்று எந்த மொழியிலும் தேற்றலாம். வேறுபாடு தொடக்க எடையில் இருக்கிறது. ‘சோ வாட்?’ எந்தச் சூழலுமின்றித் தனியே கிடந்தால் ஆங்கிலம் பேசுபவர் அதை முதலில் முரட்டுத்தனமாகவே கேட்பார். ‘அதனால் என்ன?’ தனியே கிடந்தால் தமிழர் அதை முதலில் முரட்டுத்தனமாகக் கேட்பதில்லை.

இதோடு நமக்கே உரிய இன்னொரு தடையும் சேர்கிறது. தமிழ் இதழ்கள் ஒருவரின் பேச்சை மேற்கோளாகத் தரும்போது அதைப் பெரும்பாலும் எழுத்துத் தமிழாக மாற்றிவிடுகின்றன. நம்முடைய முரட்டுத்தனம் முழுவதும் பேச்சுத் தமிழில் குடியிருக்கிறது: ‘அதுக்கு?’, ‘சரி, அதுக்கு இப்ப என்னாங்கற?’, ‘இருந்துட்டுப் போகட்டும்’. இவற்றை எழுத்துத் தமிழாக்கியவுடன் ஒரு மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘அதனால் என்ன?’ என்று அச்சில் பார்க்கும்போது, ஒரு கட்டுரையாளர் தம் வாதத்தை நகர்த்துவதற்காக எழுப்பும் வினாவைப்போல அது தோன்றுகிறது. ஐயாயிரம் இறப்புகளை எடுத்துச் சொன்னவரின் முகத்தில் வீசப்பட்ட பதிலாகத் தோன்றுவதில்லை. நேர்ச்சொல்லால் ஒரு முறையும், எழுத்து நடையால் ஒரு முறையும் என்று கடுமை இரண்டு முறை வடிகட்டப்படுகிறது.

இதை உணர்ந்தவர்கள் சிலவேளை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. ‘செத்தால் சாகட்டும்’ என்று எழுதினால் கடுமை வந்துவிடும்தான். ஆனால் அதில் சாவை விரும்பும் தொனி இருக்கிறது. அந்த மனிதர் அதைச் சொல்லவில்லை. ‘என்று அலட்சியமாகக் கூறினார்’ என்று வினைக்கு முன் ஓர் அடையைச் சேர்ப்பது இன்னொரு வழி. அது வாசகர் செய்ய வேண்டிய தீர்ப்பை எழுதுபவரே செய்து கொடுப்பதாகும். பதிலின் கடுமை பதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை வெளியிலிருந்து ஒட்டுவது ஏமாற்று வேலைக்கு அருகில் போய்விடுகிறது.

அடுத்து வரும் கேள்வியில் இன்னும் நுட்பமான ஒரு கண்ணி இருக்கிறது. ‘என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?’ என்ற அந்த வாக்கியத்தில், மூலத்தில் முன்னிலைப் பெயரே இல்லை. அங்குள்ள வினைமுற்று பிரேசிலின் சாதாரண முன்னிலைக்கும் பொருந்தும், ‘ஐயா, அம்மா’ என்று மதிப்போடு அழைக்கும் முன்னிலைக்கும் பொருந்தும். ஆகவே செய்தியாளரை அவர் மதித்தாரா தாழ்த்தினாரா என்பதை அந்த வினை சொல்லாமல் விடுகிறது. ஆங்கிலத்திற்கும் அந்தக் கவலை இல்லை. தமிழுக்கு அப்படி விட முடியாது. ‘சொல்கிறாய்’ அல்லது ‘சொல்கிறீர்கள்’ என்று ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும். ‘என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?’ என்று எழுதினால், மூலத்தில் இல்லாத ஓர் அவமதிப்பு விகுதியில் ஏறிவிடுகிறது. படிப்பவருடைய சினத்தில் ஒரு பகுதி மொழிபெயர்ப்பாளர் உண்டாக்கியதாகிவிடும். மரியாதை விகுதியை வைத்துக்கொண்டு, கடுமையை முதல் பதிலிடமே விட்டுவிடுவது நேர்மையானது. மரியாதை விகுதியோடு வரும் அலட்சியம் தமிழர் அறியாததும் அல்ல.

இவற்றையெல்லாம் எண்ணி நான் தேரும் வடிவம் இது: ‘அதற்கு இப்போது என்ன? வருந்துகிறேன். என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? என் பெயரில் மெசியா இருக்கிறார், ஆனால் நான் அற்புதம் செய்பவனல்ல.’ ‘அதனால்’ என்பதை ‘அதற்கு’ என்று மாற்றி, ‘இப்போது’ என்பதைச் சேர்த்தவுடன், பெருந்தன்மைப் பொருள் மறைந்துவிடுகிறது. பேச்சுவழக்கின் ‘அதுக்கு இப்போ என்ன?’ எழுத்துத் தமிழுக்குள்ளிருந்து கேட்கிறது. ‘வருந்துகிறேன்’ என்பதற்குப் பதில் ‘வருத்தம்தான்’ என்று எழுதலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். அந்தத் ‘தான்’ ஒரு சலிப்பைக் கொண்டுவருகிறது. மூலத்தின் ஒற்றைச் சொல்லில் அது இருப்பதாகச் சொல்ல முடியாது. தமிழ்க் கிறித்தவர்கள் நன்கறிந்த சொல் மெசியா என்பதால் சிலேடை ஓரளவு தப்பிப் பிழைக்கிறது. அது அவருடைய பெயரின் நடுப்பகுதி என்பதை மட்டும் செய்தியில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, செய்தியாளர் முன்வைத்த தகவலை அந்தப் பதிலுக்கு நேர் முன்னால் அச்சிடுவது. 5,017 என்ற எண்ணும் அதற்கு வந்த மறுமொழியும் அடுத்தடுத்து நின்றால் அடைமொழி எதுவும் தேவைப்படாது.

கேட்டவர் என்ன செய்தார் என்பதே சான்று

ஒரு பதில் முரட்டுத்தனமாகக் கேட்டதா இல்லையா என்பதை மொழிபெயர்ப்பாளர் தம் செவியைக்கொண்டு முடிவுசெய்யலாகாது. அந்தச் செவி வேறொரு மொழியில் பழகியது. அதைவிட நம்பகமான சான்று, கேட்டவர் அடுத்து என்ன பேசினார் என்பதில் இருக்கிறது. உரையாடல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி இது.

அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செய்னி 2008 மார்ச்சில், ஈராக் போர் தொடங்கி 5 ஆண்டுகள் நிறைந்த வேளையில், ஏபிசி தொலைக்காட்சிக்கு அளித்த நேர்காணல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அமெரிக்கர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்தப் போர் தேவையற்றது என்று கருதுகிறார்கள் என்று செய்தியாளர் மார்த்தா ராடட்ஸ் சொன்னார். செய்னி ஒரே சொல்லில் ‘சோ?’ என்றார். ராடட்ஸ் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி, ‘அமெரிக்க மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதில் உங்களுக்கு அக்கறையில்லையா?’ என்று கேட்டார். இந்த இரண்டு செயல்களும், அதாவது சொல்லைத் திருப்பிச் சொன்னதும் அதற்குள் மறைந்திருந்த பொருளை விரித்துக் கேட்டதும், அந்தப் பதில் அவருக்கு உறைத்தது என்பதற்குச் சான்றுகள். செய்னி தம் பக்கத்தை விளக்கினார். கருத்துக்கணிப்புகளின் ஏற்ற இறக்கத்தால் பாதை மாறிவிடக் கூடாது என்றார். அது மறுக்கத்தக்க கருத்தாயினும் ஒரு கருத்து. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஒற்றைச் சொல்லுக்கு இடமே இருந்திருக்காது.

இதைத் தமிழாக்குபவர் ‘அதனால்?’ என்று எழுதினால், ‘மேலே சொல்லுங்கள்’ என்று பேச்சைத் தொடரத் தூண்டுவதாகவும் கொள்ள முடியும்; அப்போது ராடட்ஸின் அடுத்த கேள்வி காரணமின்றிச் சினப்பதுபோலத் தோன்றும். ‘அதற்கு?’ என்று எழுதினால் இரண்டு பேச்சுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். அடுத்தவரின் எதிர்வினை பொருளற்றுப்போகிறதா, இயல்பாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதே மொழிபெயர்ப்பைச் சோதிக்கும் உரைகல். பொருந்தவில்லை என்றால் தவறு முதல் பதிலின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

மென்மையான சொல்லே மூலத்தில் பெரும் குற்றமாகக் கேட்ட நிகழ்வும் உண்டு. 2007 செப்டம்பரில் ஜப்பானிய நடிகை எரிகா சவாஜிரி, திரைப்பட வெளியீட்டு மேடையொன்றில், கேட்ட கேள்விக்கு ‘பெத்சு நி’ என்று மட்டும் சொன்னார். ‘குறிப்பாக ஒன்றுமில்லை’ என்பது அதன் நேர்ப்பொருள். பின்னர் அவர் தொலைக்காட்சியில் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். அந்த நேர்ப்பொருளை மட்டும் தமிழில் படிப்பவருக்கு, இதற்கு ஏன் கண்ணீர் என்று விளங்காது. தன்னை வாழ்த்த வந்தோர் முன்னிலையில் பதில் தர மறுத்ததே அங்கு குற்றம். ‘சும்மாதான்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு தமிழ்ப் பதிலைக் கொண்டே அதை ஈடுசெய்ய முடியும்.

‘வாட்எவர்’ என்னும் இன்னொரு வகை

‘சோ வாட்?’ வடிவத்தில் வினா. எதிரில் இருப்பவர் விளக்கம் சொல்ல அதில் ஒரு சிறு வாயில் திறந்திருக்கிறது. ‘வாட்எவர்’ அந்த வாயிலையும் அடைத்துவிடுகிறது. நீ சொல்வது சரியா தவறா என்று பேசக்கூட எனக்கு விருப்பமில்லை என்பதே அதன் செய்தி. அமெரிக்காவில் மாரிஸ்ட் நிறுவனம் 2009இல் நடத்திய கருத்துக்கணிப்பில், உரையாடலில் மிகவும் எரிச்சலூட்டும் சொல்லாக 47 விழுக்காட்டினர் இதைத் தேர்ந்தார்கள். தாய்மொழியாளர்களுக்கே இவ்வளவு எரிச்சல் தரும் சொல், அகராதி வழியே தமிழுக்கு வரும்போது ‘எதுவாக இருந்தாலும்’ என்று ஆகிறது. அதில் எரிச்சலூட்ட ஒன்றுமே இல்லை. வாக்கியத்தின் பாதி தொலைந்ததுபோல மட்டுமே இருக்கிறது. தமிழ்த் துணைவரிகளில் இதைப் பார்க்கும்போது, ஒரு பாத்திரம் ஏன் திடீரென்று கதவை அறைந்து சாத்திக்கொண்டு போகிறது என்று பார்வையாளர் திகைக்க நேர்கிறது.

‘எப்படியோ போ’, ‘எக்கேடும் கெட்டுப் போ’ என்பவை மறு எல்லை. அவை ஒருவரைக் கைகழுவிவிடும் சொற்கள். பதின்வயதுப் பிள்ளை தன் அறையைத் துடைக்கச் சொன்னதற்கு முணுமுணுக்கும் ‘வாட்எவர்’ அவ்வளவு தூரம் போவதில்லை. இரண்டிற்கும் இடையில் தமிழில் இருக்கும் சரியான இணை, என் கருத்தில், ‘உங்க இஷ்டம்’ என்பது. மேற்பார்வைக்கு அது மரியாதையானது. பன்மை முன்னிலையோடு வருகிறது. முடிவெடுக்கும் உரிமையை மற்றவரிடம் முழுமையாகக் கொடுக்கிறது. ஆனால் நெடுநேரம் வாதாடிய பிறகு ஒருவர் குரலைத் தாழ்த்தி ‘உங்க இஷ்டம்’ என்று சொன்னால், இனி உங்களோடு பேசிப் பயனில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார் என்பது கேட்பவருக்குத் தெரியும். சிறியவர்கள் பெரியவர்களிடம் சொல்வதாயின், மரியாதைக் குறைவென்று சுட்டிக்காட்ட ஒரு சொல்லும் அகப்படாமலே அது வேலையைச் செய்துமுடித்துவிடும்.

டொராண்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்த இடைவெளி நாள்தோறும் நேரில் வருகிறது. அங்கே பிறந்த பிள்ளைக்கு, ஒத்த வயதினரிடையே ‘வாட்எவர்’ என்பது பேச்சை முடித்துக்கொள்ளும் ஒரு தோள்குலுக்கல். ஊரில் வளர்ந்த தாத்தா அதை ஆங்கிலச் சொல்லாகக் கேட்பதில்லை. பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது சிறியவர் பேச்சை முடித்துவைத்த செயலாகக் கேட்கிறார். மொழிப் பயன்பாட்டில் நேரும் இத்தகைய பிழைகளை 1983இல் ஆராய்ந்த ஜென்னி தாமஸ், அவற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, சொல்லின் எடையைத் தவறாக அறிந்திருப்பது. ‘நல்ல உணவகமா?’ என்று கேட்டால் ரஷ்யர் தம் மொழி வழக்கப்படி ‘நிச்சயமாக’ என்ற பொருளில் ‘ஆஃப் கோர்ஸ்’ என்கிறார். ஆங்கிலேயருக்கோ அது ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்கிறது. மற்றொன்று, எவரிடம் எதைச் சொல்லலாம் என்ற உலகநோக்கே வேறாக இருப்பது. முதல் வகையை ஒரு நிமிட விளக்கத்தில் தீர்த்துவிடலாம். தாத்தாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையிலானது பெரும்பாலும் இரண்டாம் வகை. அந்தச் சொல் ஆங்கிலத்தில் அவ்வளவு மோசமானதல்ல என்று எவ்வளவு விளக்கினாலும், ஒரு பேச்சை முடித்துவைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எதிர்த்திசையிலும் இதே அளவு இழப்பு உண்டு. மனம் நொந்த தமிழ்த் தாய் ‘உன் இஷ்டம்’ என்பதை ஆங்கிலத்தில் ‘யுவர் விஷ்’ என்று சொன்னால், ஆங்கிலமே முதன்மொழியான பிள்ளை அதை இசைவாக எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறது. திரும்பி வரும்போது வீட்டில் யாரும் அதனோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் தெரிவதில்லை. கேட்டாலும், ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்பதே பதில். அந்தத் தாய் உண்மையில் சொன்னது, ‘எனக்கு இதில் சம்மதமில்லை, ஆனால் உன்னோடு போராட எனக்குத் தெம்பில்லை’ என்பது. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த இரண்டு பகுதிகளையும் விரித்து முழு வாக்கியமாகவே சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு சொற்களில் அதை அடக்கித் தரும் வடிவம் எதுவும் அந்த மொழியில் எனக்குத் தட்டுப்படவில்லை.